கொழுத்த ஆடுதான் முதலில் சாகும்: தீபாவளிக்கு முன் வரும் துள்ளுமாரி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆடு வளர்த்த நம் முன்னோர்களுக்கு ஒரு நோயின் பெயர் நன்றாகத் தெரியும். துள்ளுமாரி. நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு திடீரென்று துள்ளும், விழும், கால்களை உதைத்துக்கொள்ளும், சிறிது நேரத்தில் செத்துப் போகும். மாரி என்ற சொல் மழையையும் குறிக்கும், அம்மனையும் குறிக்கும். மழை பெய்து புதுப்புல் தளதளவென்று துளிர்க்கும் நாள்களில்தான் அங்கே இந்தச் சாவுகள் அதிகம் என்பதால், அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

ஜொகூரில் ஆட்டுப் பண்ணைகளுக்குப் போய் வருகிற கால்நடை மருத்துவன் நான். இங்கே ஆண்டு முழுவதும் புல் உண்டு, மழையும் உண்டு. அதனால் இங்கே துள்ளுமாரி மழையோடு சேர்ந்து வருவதில்லை, தீவன மூட்டையோடு வருகிறது. தீபாவளிக்கோ ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, கிடாய்களின் எடையைக் கூட்டுவதற்காகச் சோளம், உடைந்த அரிசி, கடைகளில் மீந்த ரொட்டி என்று ஏதாவது ஒன்றைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடுத்த சில நாள்களில் எனக்கு அழைப்பு வருகிறது. பேசுகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "டாக்டர், இருக்கிறதிலேயே நல்ல ஆடுதான் செத்துப் போச்சு."

அந்த வார்த்தையே நோயைப் பாதி அடையாளம் காட்டிவிடுகிறது.

குளுவாங் பக்கத்தில் ஒரு கொட்டகை

பல பண்ணைகளில் நான் பார்த்ததை ஒரே பண்ணையை வைத்துச் சொன்னால் புரிந்துகொள்ள எளிதாக இருக்கும். குளுவாங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலம் அது. ஓய்வுபெற்ற அப்பாவும், ஜொகூர் பாருவில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் வந்து போகும் மகனும் சேர்ந்து நடத்துகிறார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைக் கொட்டகை. தீபாவளிக்காக 20 காயடித்த கிடாய்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எல்லாம் போயர் கலப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ. அதுவரை அவற்றுக்கு வெட்டிப் போட்ட நேப்பியர் புல்லும், கொஞ்சம் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும்தான் தீவனம்.

ஒரு சனிக்கிழமை மகன் மலிவாகக் கிடைத்த உடைத்த சோளத்தை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். ஆட்டுக்கு 600 கிராம் என்று கணக்குப் போட்டு, 12 கிலோவைத் தொட்டியில் கொட்டினார்கள். ஆடுகள் ஆசையாகத் தின்றன. ஞாயிறும் திங்களும் அதே அளவு கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டத்திலேயே பெரிய கிடாய் விறைத்துக் கிடந்தது. புதன்கிழமை விடியற்காலையில் இன்னொன்று செத்துக் கிடந்தது. மூன்றாவது ஒன்று தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு, காற்றில் மிதிப்பதுபோலக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்புறம் முழுவதும் நீராகக் கழிந்திருந்தது. அந்தக் கழிச்சலில் சளியும் இரத்தமும் கலந்திருந்தன.

"பாம்புதான் கடிச்சிருக்கும்னு அப்பா சொல்றாரு. எனக்கென்னவோ தோட்டத்துல அடிச்ச புல் மருந்து மேலதான் சந்தேகமா இருக்கு, டாக்டர்" என்றார் மகன். நான் போய்ச் சேருவதற்குள் அந்த மூன்றாவது ஆடும் இறந்துவிட்டது.

நான் முதலில் தொட்டியை அளந்தேன். மூன்று மீட்டர் நீளம். சுவரோரமாக இருந்ததால் ஒரு பக்கத்தில் நின்றுதான் ஆடுகள் தின்ன முடியும். வளர்ந்த ஆடு ஒன்று நெருக்கடி இல்லாமல் நின்று தின்னக் குறைந்தது 35 சென்டிமீட்டர் இடம் வேண்டும். அந்தக் கணக்கில் அந்தத் தொட்டி எட்டு ஆடுகளுக்குத்தான் போதும். மற்ற பன்னிரண்டும் பின்னால் நின்று இடித்துக்கொண்டிருக்க, பலம் உள்ளவை முன்னால் நின்று வயிறு புடைக்கத் தின்றிருக்கின்றன. காகிதத்தில் எழுதிய கணக்குதான் 600 கிராம். உண்மையில் பெரிய கிடாய்கள் ஒரு கிலோவுக்கு மேல் தின்றிருக்கும், நோஞ்சான்களுக்கு ஒரு கைப்பிடிதான் கிடைத்திருக்கும். 30 கிலோ எடையுள்ள ஆடு ஒரு நாளில் தின்னும் எல்லாத் தீவனத்தையும், ஈரம் போகக் கணக்கிட்டால், சுமார் ஒரு கிலோதான் வரும். அந்தப் பெரிய கிடாய்கள் ஒரு நாள் உணவு முழுவதையும் மாவுச்சத்தாகவே விழுங்கியிருக்கின்றன.

செத்த மூன்றும் கூட்டத்தில் மிகப் பெரியவை. பாம்பு கொழுத்த ஆட்டைத் தேர்ந்தெடுத்துக் கடிக்காது. புல் மருந்து கலந்த புல்லைத் தின்றிருந்தால் எல்லா வகை ஆடுகளும் விழுந்திருக்கும்.

வயிற்றுக்குள் குடியிருக்கும் கிருமி

இந்த நோயை உண்டாக்குவது கிளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற நுண்ணுயிரி. அதில் டி வகையைச் சேர்ந்தது. இது மண்ணிலும் உண்டு, நலமாக உள்ள பல ஆடுகளின் குடலிலும் கொஞ்சமாக இருக்கும். அங்கே அதனால் தொல்லை இல்லை. குடல் அசைந்துகொண்டே இருப்பதால், அது சுரக்கும் சிறிதளவு நச்சும் உடம்பில் ஏறுவதற்குள் வெளியேறிவிடும்.

ஆட்டின் முதல் வயிறு ஒரு புளிப்புப் பானை போன்றது. அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் தானியத்தையும் புளிக்க வைத்து ஆட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. புல்லுக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் தானியத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த அவகாசம் கொடுக்காமல் ஒரே நாளில் தானியத்தைக் கொட்டினால், முதல் வயிற்றால் சமாளிக்க முடியாத மாவுச்சத்து அப்படியே சிறுகுடலுக்கு இறங்கிவிடும். அங்கே காத்திருக்கும் இந்தக் கிருமிக்கு அது விருந்து. சில மணி நேரத்தில் பெருகி, எப்சிலான் என்ற நச்சை ஏராளமாக வெளியிடுகிறது. அந்த நச்சு சுரக்கும்போது வீரியம் இல்லாததுதான். அதைக் கூர்தீட்டுவது ஆட்டின் சொந்தச் செரிமான நீரில் உள்ள டிரிப்சின்.

கூர்தீட்டப்பட்ட நச்சு குடல் சுவரைக் கசிய வைத்து இரத்தத்தில் கலக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்து, மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோக்கச் செய்கிறது. தலை வளைவதும், கால் உதைப்பதும், துள்ளி விழுவதும் மூளையில் ஏற்படும் இந்த வீக்கத்தால்தான். செம்மறி ஆட்டில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதற்கு முன்பே சாவு வந்துவிடும். வெள்ளாட்டில் பெருங்குடலும் புண்ணாகிவிடுவதால் இரத்தக் கழிச்சலையும் பார்க்கலாம். சில வெள்ளாடுகள் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் கழிந்து மெலிவதும் உண்டு.

நன்றாகத் தின்னும் ஆடே முதலில் சாவதற்குக் காரணம் இதுதான். நோஞ்சான் ஆட்டின் சிறுகுடலுக்கு அவ்வளவு மாவுச்சத்து போய்ச் சேர்வதே இல்லை. பால் நிறையச் சுரக்கும் தாயிடம் தனியாகக் குடிக்கும் கொழுகொழு குட்டிக்கும் இதே ஆபத்து உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிகளைக் கொன்றுவந்த இப்படியொரு மர்ம நோய், குடலில் உண்டாகும் நச்சால் வருவது என்று எச். டபிள்யூ. பென்னெட்ஸ் என்ற கால்நடை ஆய்வாளர் 1932இல் விளக்கினார்.

வயிற்றைத் திறந்து பார்த்தபோது

இந்த நோயில் நேரம் முக்கியம். நம் வெயிலில் செத்த ஆடு சில மணி நேரத்தில் ஊதி அழுகத் தொடங்கிவிடும். பழைய புத்தகங்கள் இந்த நோயைக் கூழ்ச் சிறுநீரக நோய் என்றும் சொல்லும், ஏனென்றால் செத்த செம்மறியின் சிறுநீரகம் குழைந்து போயிருக்கும். ஆனால் காலையில் செத்து மாலையில் அறுத்துப் பார்க்கும் எந்த ஆட்டுக்கும் நம் ஊரில் சிறுநீரகம் குழைந்துதான் இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

புதன்கிழமை இறந்த மூன்றாவது ஆட்டை ஒரு மணி நேரத்துக்குள் திறந்தேன். முதல் வயிறு நிறையச் சோளம். சிறுகுடல் சிவந்திருந்தது. பெருங்குடலின் சுவர் தடித்து, உள்பக்கம் மஞ்சள் நிறப் படலம் ஒட்டியிருந்தது. நுரையீரல் நனைந்த பஞ்சுபோல் கனத்தது. இதயத்தைச் சுற்றியுள்ள பையில் வைக்கோல் நிற நீர் தேங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் அது கஞ்சியாடைபோல் உறைந்தது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் கைகாட்டினாலும், உறுதிப்படுத்த வேண்டியது ஆய்வகம்தான். சிறுகுடலில் உள்ளதைப் புட்டியில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பினோம். ஆய்வகம் அதில் தேடுவது எப்சிலான் நச்சை. கிருமி இருப்பது மட்டும் சான்றாகாது, அது நல்ல ஆட்டிலும் இருக்கும். சில நாள் கழித்து வந்த பதில் நச்சு இருப்பதை உறுதி செய்தது.

திடீர்ச் சாவு எல்லாமே துள்ளுமாரி அல்ல. இங்கே குழப்பக்கூடியவை இரண்டு. ஒன்று, அதே தானியத்தால் வரும் வயிற்றுப் புளிப்பு. அதில் ஆடு தின்பதை நிறுத்தி, வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். கழிச்சலில் புளிப்பு நெடி அடிக்கும். சாவதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் பார்த்துக் காப்பாற்றக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இன்னொன்று, செம்மறி வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு. அதையே முக்கிய உணவாக மாதக்கணக்கில் கொடுத்தால், செம்மறியின் ஈரலில் செம்பு சேர்ந்து ஒருநாள் திடீரென்று வெடித்ததுபோல் நோயாகும். அந்த ஆட்டின் கண் இமையின் உள்பக்கம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். துள்ளுமாரியில் இந்த மஞ்சளும் கோப்பி நிறமும் இருக்காது.

அன்றைக்குச் செய்தது

துள்ளுமாரி வந்து விழுந்த ஆட்டைக் காப்பாற்றுவது அரிது. நச்சு முறிவு மருந்து என்று ஒன்று உண்டு. அது கையில் இருந்து, நோய் முற்றுவதற்குள் போட்டால்தான் ஏதோ பயன். விழுந்துவிட்ட ஆட்டைவிட, நின்றுகொண்டிருக்கும் பதினேழு ஆடுகள்தான் என் கவலை.

புதன்கிழமை நண்பகலில் சோளத்தை முழுவதுமாக நிறுத்தினோம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் புல்லை மட்டும், முற்றிய தண்டோடு வெட்டிப் போடச் சொன்னேன். மாவுச்சத்து வரத்து நின்றால் கிருமிக்கு விருந்து நிற்கும். ஆனால் ஏற்கெனவே குடலில் இறங்கியது வெளியேற ஓரிரு நாள் ஆகும் என்பதால், இன்னும் ஒன்றிரண்டு சாகக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை இன்னொரு கிடாய் இறந்தது. அதோடு சாவு நின்றது. இருபதில் நான்கு போனது.

எஞ்சிய பதினாறுக்கும் தடுப்பூசி போட்டோம். "இன்னைக்கு ஊசி போட்டா நாளையிலேர்ந்து சோளம் குடுக்கலாமா?" என்று பெரியவர் கேட்டார். முடியாது. தடுப்பூசி என்பது செயலிழக்க வைத்த நச்சு. அதைப் பார்த்து ஆட்டின் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் ஊசி அறிமுகம்தான், அதில் கிடைக்கும் காப்பு குறைவு. நான்கு வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசிதான் எதிர்ப்பை ஏற்றுகிறது. அது ஏறவும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு "ஊசி போட்டும் செத்துடுச்சு" என்று சொல்பவர்கள் நிறைய.

வெள்ளாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இந்தத் தடுப்பூசிகளில் பல செம்மறிக்காகச் செய்யப்பட்டவை. செம்மறிக்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட்டால் போதும் என்று எழுதியிருக்கும். வெள்ளாட்டின் உடம்பு அந்தக் காப்பை அவ்வளவு நாள் வைத்துக்கொள்வதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது. அப்படிப் போட்டாலும், இரத்தத்தில் ஏறும் நச்சைத் தடுக்கும் அளவுக்குப் பெருங்குடலுக்குள் நடக்கும் சேதத்தை அது தடுப்பதில்லை. ஆகவே வெள்ளாட்டுக்கு ஊசி பாதிக் காப்பு, தீவன ஒழுங்கு மறுபாதி.

மருந்துப் புட்டியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அது பயன்படாது. காரின் பின்பக்கத்தில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்தையும் நம்ப முடியாது. தோலை இழுத்துத் தூக்கி, தோலுக்கும் சதைக்கும் நடுவே போட வேண்டும். போட்ட இடத்தில் ஒரு கட்டி வந்து சில வாரம் நிற்கலாம், அது இயல்புதான். எத்தனை மில்லி, போட்டபின் எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்பவை ஒவ்வொரு மருந்துக்கும் மாறும். புட்டியோடு வரும் தாளைப் படித்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

ஐம்பது கிராம் கணக்கு

இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆன பிறகு, மிச்சமிருந்த சோளத்தை மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை கணக்கு வேறு.

முதல் மூன்று நாள், ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். நான்காம் நாள் 100 கிராம், ஏழாம் நாள் 150, பத்தாம் நாள் 200, பதின்மூன்றாம் நாள் 250. பதினாறாம் நாள்தான் 300 கிராம். இந்த எடையுள்ள ஆட்டுக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு நாள் அளவையும் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்தோம். பசியோடு இருக்கும் ஆடு தானியத்தை மெல்லாமல் விழுங்கும் என்பதால், புல்லைத் தின்ன விட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தானியம்.

பெரியவர் ஒரு பால் டின்னை எடுத்து, அதில் எத்தனை கிராம் சோளம் பிடிக்கிறது என்று தராசில் நிறுத்து, ஆணியால் கோடு கீறி வைத்துக்கொண்டார். கண்ணால் அளப்பதைவிட அது எவ்வளவோ மேல். டின்னை மாற்றினாலோ, சோளத்துக்குப் பதில் வேறு தானியம் வாங்கினாலோ மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மாவாக அரைத்தது, உடைத்ததைவிட வேகமாக இறங்கும். அதனால் தீவனத்தின் வகை மாறினால் அளவைக் குறைத்து மறுபடியும் ஏற வேண்டும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் நார் அதிகம், மாவுச்சத்து குறைவு. இந்த நோயைப் பொறுத்தவரை அதைவிடச் சோளத்துக்கும் அரிசிக்கும் ரொட்டிக்கும்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

தொட்டியையும் மாற்றினார்கள். பதினாறு ஆடுகளுக்கு ஆளுக்கு 35 சென்டிமீட்டர் என்றால் ஐந்தரை மீட்டருக்குமேல் வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, எதிர்ச் சுவரில் இன்னொரு தொட்டி கட்டினார்கள். பெரியவை ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம் என்று நடுவில் ஒரு தடுப்பும் வைத்தார்கள். அளந்து கொட்டும் தானியம் அளந்தபடி ஒவ்வொரு ஆட்டுக்கும் போய்ச் சேர இதுதான் வழி.

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மறுநாள் காலையில் பார்க்க வேண்டியது சாணம். புழுக்கை புழுக்கையாக விழுந்தால் அடுத்த படிக்குப் போகலாம். கூழாக விழுந்தால் அந்த ஆட்டுக்குத் தானியத்தை நிறுத்தி, மற்றவற்றுக்குப் பழைய அளவிலேயே இன்னும் மூன்று நாள் நிற்க வேண்டும். மழையால் புல் வெட்டப் போகாமல் ஒரு நாள் தவறிவிட்டால், அதை ஈடுகட்டத் தானியத்தைக் கூட்டுவது மிக ஆபத்தானது. எனக்கு வரும் அழைப்புகளில் பல அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் வருகிறவை.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

அடுத்த ஆண்டுக்கு மகன் திட்டத்தைப் பின்னாலிருந்து போட்டார். தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், எண்பது நாள் கொழுக்க வைக்க ஆகஸ்ட் நடுவில் தானியம் தொடங்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் முதல் நாள்களில், இரண்டாவது ஊசி. அதற்கு நான்கு வாரம் முன்பு, ஜூலை முதல் வாரத்தில், முதல் ஊசி. கிடாய்களை வெளியிலிருந்து வாங்குவதாக இருந்தால் ஜூன் மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும். விற்றவர் "ஊசி போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. மருந்தின் பெயரும் தேதியும் எழுத்தில் இல்லையென்றால், போடாத ஆடு என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சினை ஆடுகளுக்கும் ஒரு தேதி உண்டு. ஏற்கெனவே இரண்டு ஊசியும் போட்ட தாய்க்கு, குட்டி போடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு ஒன்று போட்டால், அந்தக் காப்பு சீம்பாலில் இறங்கும். பிறந்த சில மணி நேரத்துக்குள் அந்தச் சீம்பாலைக் குடித்த குட்டிக்கு முதல் வாரங்களில் அதுவே பாதுகாப்பு. தாயிடமிருந்து வந்தது தேய்ந்து போகும் இரண்டு மாத வயதை ஒட்டிக் குட்டியின் சொந்த ஊசியைத் தொடங்கி, நான்கு வாரத்தில் இரண்டாவதைப் போடலாம்.

மகன் இதை எல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பெரியவர் கொட்டகைத் தூணில் தொங்கும் நாட்காட்டியில் ஜூலை மாதத்தைப் புரட்டி, பேனாவால் ஒரு வட்டம் போட்டார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்: "டாக்டர், தீபாவளிக்கு முந்தின வாரம் உறவுக்காரங்க வருவாங்க. பிள்ளைங்க ஆசையா ரொட்டியைக் கொண்டாந்து ஆட்டுக்குப் போடும். அது பரவாயில்லையா?"

ஒரு துண்டு ரொட்டியால் ஒன்றும் ஆகாது. ஆனால் பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொட்டலம் போட்டால், வேலியோரம் முதலில் வந்து நிற்கும் கொழுத்த கிடாய்தான் எல்லாவற்றையும் தின்னும். பிள்ளைகள் கையில் ரொட்டிக்குப் பதில் ஒரு கட்டுப் புல்லைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.